ஓசையின் சரித்திரம் – 17: சப்தத்தைச் சப்தத்தால் அடக்கிய கதை

சுவரில் தக்கைப் பலகை பதித்தும், தரையில் கம்பளம் விரித்தும், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்தியும் மனிதர்கள் சப்தத்தோடு நடத்திய நெடும் போராட்டத்தைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தப் போராட்டத்தில் ஒரு முனையில் மட்டும் வெற்றி கிட்டவேயில்லை. கீச்சென்ற குரலையும் உலோகம் உராயும் ஓசையையும் விரற்கடைக் கனமுள்ள கம்பளியே கணிசமாகக் குறைத்துவிடுகிறது; ஆனால் யந்திரத்தின் அடித்தொண்டை முழக்கமோ, கம்பளியையும் தக்கையையும் ஒரு பொருட்டாக மதியாமல் உள்ளே வந்துவிடுகிறது. இதற்குக் காரணம் அலைநீளம். காற்றில் சப்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்லுகிறது. எனவே விநாடிக்கு 100 தடவை அதிரும் ஓசையின் ஓர் அலை மூன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவான நீளமுள்ளது. சுவரையொட்டி வைக்கும் பஞ்சு போன்ற பொருள் ஓர் அலையை நன்கு உறிஞ்ச வேண்டுமானால், அதன் கனம் அலைநீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். அந்தக் கணக்கில் 100 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்கு 85 சென்டிமீட்டர் கனம் தேவை. வீட்டுச் சுவருக்கே அது சிரமம். ஆகாய விமானத்தில் செல்லும் ஒருவர் தம் காதில் அதை அணிந்துகொள்வது எங்ஙனம்?

இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிச் செல்ல முற்றிலும் வேறொரு மார்க்கத்தைக் காட்டியவர் பால் லூயெக் என்ற ஜெர்மானியர். சப்தத்தைத் தடுப்பதற்குப் பதிலாக, அதற்கு நேர்மாறான இன்னொரு சப்தத்தை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டுச் சமனாக்கலாம் என்ற தம் யோசனைக்குக் காப்புரிமை கோரி, 1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியில் அவர் விண்ணப்பம் செய்தார். மறு ஆண்டு அமெரிக்காவிலும் விண்ணப்பித்தார். 1936 ஜூன் 9ஆம் தேதி 2,043,416 என்ற எண்ணுடன் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. இன்று கோடிக்கணக்கானோர் காதில் மாட்டிக்கொள்ளும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனின் மூல தத்துவம் முழுவதும் அந்தச் சிறு ஏட்டில் அடங்கியிருக்கிறது. பிற்காலத்து வியாபார விளம்பரங்களின் வெளிச்சத்தில் லூயெக்கின் பெயர் மங்கிப் போனதை நான் பெரும் அநியாயமாகவே கருதுகிறேன்.

தத்துவம் எளிது. சப்தம் என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாறுதல். அலை கடந்து செல்லும்போது ஓரிடத்தில் காற்று ஒரு கணம் நெருங்குகிறது, மறு கணம் நெகிழ்கிறது. நெருங்கும்போது அழுத்தம் வழக்கமான காற்றழுத்தத்துக்குச் சற்று மேலே ஏறுகிறது, நெகிழும்போது சற்றுக் கீழே இறங்குகிறது. இரண்டு அலைகள் ஒரே இடத்தை ஒரே சமயத்தில் கடந்தால், அங்கே நிலவும் அழுத்தம் இரண்டின் கூட்டுத் தொகையாகும். ஒன்று நெருங்கும் கணத்திலேயே மற்றொன்று அதே அளவுக்கு நெகிழுமாயின் கூட்டுத் தொகை பூஜ்யம். அங்கே வைத்த காதுக்கு ஒன்றும் கேளாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் சப்தத்தில் கண்ட இந்த உண்மையை ஒளிக்கும் விரித்து, ஒளியும் அலையே என்று வாதிட்டார். பௌதிக நூல்களில் இதற்கு அழிவுக் குறுக்கீடு என்று பெயர். அழிவு என்ற சொல்லைக் கண்டு சக்தியே நாசமாகிவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. லூயெக் வரைந்து காட்டிய குழாயில், முன்னேறி வரும் அலையின் சக்தி எதிர் ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலிருந்து வந்த வழியே திருப்பி அனுப்பப்படுகிறது; அப்பால் இருப்பவருக்கு அது வந்து சேர்வதில்லை, அவ்வளவே.

லூயெக்கின் உண்மையான மேதை இருந்தது இந்தக் கூட்டல் கணக்கில் அன்று. அதை நிறைவேற்ற வேண்டிய நேரத்தை எங்கிருந்து பெறலாம் என்பதைக் கண்டதில்தான். நேர்மாறான அலையைப் படைக்க வேண்டுமானால், வரும் அலை எத்தன்மையது என்பது அது வந்து சேருவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். அவர் ஒரு குழாயை எடுத்துக்கொண்டார். அதன் தொடக்கத்தில் ஒரு மைக்ரோபோன், நடுவே மின் பெருக்கி, சிறிது தூரம் தள்ளி ஓர் ஒலிபெருக்கி. மைக்ரோபோனைத் தாண்டிய சப்தம் காற்றின் வழியே மெல்ல நடந்து வருகிறது. அதைப் பற்றிய செய்தியோ கம்பியின் வழியே மின்சாரமாக ஓடி, கண்ணிமைக்கும் நேரத்தில் மிக மிகச் சிறிய ஒரு பகுதியிலேயே ஒலிபெருக்கியை அடைந்துவிடுகிறது. மைக்ரோபோனுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால், சப்தம் அதைக் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லி விநாடி ஆகும். அந்த அவகாசத்துக்குள் எதிரலையை ஆயத்தம் செய்துவிடலாம். மின்சாரம் சப்தத்தை முந்துகிறது என்ற ஒரே உண்மையின் மீது கட்டிய வித்தை இது. ஆகவே இந்தச் சரித்திரத்தின் பிற்பகுதி முழுவதிலும் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றே: முந்திச் செல்வதற்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது?

1930களின் வால்வுப் பெருக்கிகளைக் கொண்டு இந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவருவது சாத்தியமாகவில்லை. எதிரலையின் வீச்சு பத்தில் ஒரு பங்கு பிசகினாலே, மற்றெல்லாம் சரியாக இருந்தும், சப்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. வால்வுகளோ சூடேற ஏறக் குணம் மாறுபவை. காப்புரிமைப் பத்திரம் இரண்டு தசாப்தங்களுக்கு அலமாரியில் உறங்கியது.

1953இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஹாரி ஓல்சன், எவரெட் மே ஆகிய இருவரும் ‘மின்னணு ஒலி உறிஞ்சி’ என்று பெயரிட்டு ஒரு சாதனத்தை விவரித்தார்கள். இவர்கள் லூயெக்கைப் போல் சப்தத்துக்கு முன்னே சென்று காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியின் முகத்துக்கு மிக அருகிலேயே மைக்ரோபோனை வைத்து, அங்கே எஞ்சி நிற்கும் அழுத்தம் எதுவாயினும் அதைத் தலைகீழாக்கிப் பெருக்கி, அந்த ஒலிபெருக்கிக்கே ஊட்டினார்கள். அழுத்தம் ஏறினால் ஒலிபெருக்கியின் திரை பின்வாங்கும். இறங்கினால் முன்னே தள்ளும். இவ்வாறு மைக்ரோபோனைச் சுற்றி ஒரு சிறு அமைதி மண்டலம் உருவாயிற்று. விமானப் பிரயாணியின் தலைக்கருகே ஆசனத்திலும், ஆலைத் தொழிலாளியின் தலைக்கருகிலும் இதைப் பொருத்தலாம் என்று அவர்கள் எழுதினார்கள். அந்தச் சாதனமும் கீழ் அதிர்வெண்களில்தான் பயன் தந்தது. மேலே போகப் போகப் பலன் தேய்ந்தது. அது ஏன் என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

அதே தசாப்தத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் வில்லியம் கோனோவர் மின்மாற்றிகளின் ரீங்காரத்தை எடுத்துக்கொண்டார். டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு தடவை நீண்டு சுருங்குகிறது; அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சியாதலால் ரீங்காரம் 120 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 240, 360 ஆகியவற்றிலும் எழும். (நம் நாட்டில் சுழற்சி 50, ஆகவே தெரு முனையிலுள்ள டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது.) கோனோவர் மின்மாற்றியின் அருகே ஒலிபெருக்கிகளை நிறுத்தி, இந்த மூன்று அதிர்வெண்களையும் அதே மின்சாரத்திலிருந்தே உண்டாக்கி, ஒவ்வொன்றின் வீச்சையும் கட்டத்தையும் கையால் திருகித் திருகி, அக்கம்பக்கத்து வீடு ஒன்றின் திசையில் ரீங்காரம் அடங்கும்படி செய்தார். அந்தத் திசையில் அடங்கியது உண்மை. ஆனால் சற்றே விலகி நின்றால் அடங்கவில்லை, வேறு சில திசைகளில் முன்னிலும் அதிகமாகவே கேட்டது. திறந்த வெளியில் இரண்டு இடங்களிலிருந்து புறப்படும் அலைகள் ஒரு திசையில் எதிரெதிராகச் சந்தித்தால், இன்னொரு திசையில் ஒன்றோடொன்று கைகோத்துத்தான் தீரும்.

கோனோவரின் அனுபவத்திலிருந்து இரண்டு பாடங்கள் கிடைத்தன. மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் ரீங்காரத்துக்கு எதிராக அவருக்கு மைக்ரோபோனின் முன்னறிவிப்பே தேவைப்படவில்லை. அது நாளைக்கும் இப்படியே ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். மற்றொன்று, உலகம் முழுவதையும் அமைதியாக்குவது ஆகாத காரியம்; ஓர் இடத்தைத்தான் அமைதியாக்க முடியும். அந்த ஓரிடம் மனிதனின் காதாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டால் சிக்கலில் பெரும் பகுதி அவிழ்ந்துவிடுகிறது. ஹெட்போனின் கிண்ணத்துக்கும் செவிக்கும் இடையே உள்ள காற்றறை சில சென்டிமீட்டர் அகலமே உள்ளது. மூன்றரை மீட்டர் நீள அலையின் முன்னே அது ஒரு புள்ளி. அந்த அறை முழுவதிலும் அழுத்தம் ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்குவதால், ஓரிடத்தில் சமன் செய்தால் எங்கும் சமன் செய்ததாகிறது. திசைகளே அங்கு இல்லை.

1950களிலேயே லாரன்ஸ் ஃபோகல், வில்லார்ட் மீக்கர் முதலியோர் விமானிகளின் காதுக்கவசத்துக்குள் இந்த முறையைக் கொண்டுவர முயன்றார்கள். எனினும் அதைச் சாமானியரின் கைக்கு எட்டும் பொருளாக்கிய கதை, மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் பேராசிரியர் அமர் போஸோடு தொடங்குகிறது. வங்காளத்தில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு, ஆங்கில அரசின் கெடுபிடியிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய நோனி கோபால் போஸின் மைந்தர் அவர். 1978இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் சங்கீதத்தைக் கேட்க முயன்று, யந்திர இரைச்சல் அதை விழுங்கிவிடுவதைக் கண்டு, அப்பிரயாணத்திலேயே கணிதச் சமன்பாடுகளை எழுதத் தொடங்கினார் என்பது அவர் வாழ்க்கையில் பிரசித்தமான சம்பவம். பலன் உடனே கைகூடவில்லை. 1986 டிசம்பரில் வாயேஜர் என்ற சிறு விமானத்தில் டிக் ருட்டனும் ஜீனா யேகரும் எரிபொருள் நிரப்பாமல், எங்கும் இறங்காமல், ஒன்பது நாள் பறந்து உலகைச் சுற்றி வந்தபோது போஸின் மாதிரிக் கருவிகள் அவர்களுடைய காதைக் காத்தன. 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் கடைக்கு வந்தது. ஜெர்மனியின் ஜென்ஹைஸர் கம்பெனியும் லுஃப்தான்ஸா விமானிகளுக்காக அதே தசாப்தத்தில் இவ்வழியில் உழைத்து வந்தது.

இனி நாம் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். ஒரு ஹெட்போனைக் கையில் எடுத்துக் கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கூர்ந்து பார்த்தால், கடுகளவு துவாரம் ஒன்றோ இரண்டோ தெரியும்; உள்ளே மைக்ரோபோன் இருக்கிறது. அங்கிருந்து உட்புறம் வரை சப்தம் கடக்க வேண்டிய தூரம் சுமார் மூன்று சென்டிமீட்டர். லூயெக்கின் குழாயில் மூன்று மில்லி விநாடி அவகாசம் இருந்தது. இங்கே அது ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மைக்ரோபோன் உணர்வதும், மின்சுற்று கணிப்பதும், ஒலிபெருக்கியின் திரை அசைவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். சத்தம் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து, மைக்ரோபோனை எட்டுமுன் மெத்தையின் இடுக்கு வழியே நுழைந்துவிட்டாலோ அந்த அற்ப அவகாசமும் இல்லை.

எதிரலை எப்படியோ மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, என்ன நேருகிறது என்று பார்ப்போம். 100 ஹெர்ட்ஸ் முழக்கத்தில் ஓர் அலை முடிய 10 மில்லி விநாடி ஆகிறது. தாமதம் அதில் நூறில் ஒரு பங்கு. முழுச் சுழற்சியை 360 பாகையாகக் கொண்டால் பிசகு 3.6 பாகை. இரண்டு அலைகளையும் கூட்டினால் எஞ்சுவது மூல வீச்சில் பதினாறில் ஒரு பங்கு. அதாவது சப்தம் 24 டெசிபல் இறங்கிவிடுகிறது. கேட்பவருக்கு யந்திரத்தையே நிறுத்திவிட்டார்களோ என்று தோன்றும். அதே தாமதம் 1,000 ஹெர்ட்ஸ் ஓசைக்கு நேர்ந்தால் பிசகு 36 பாகை; எஞ்சுவது மூலத்தில் 62 சதவீதம்; குறைவு நான்கு டெசிபல் மட்டுமே, கவனித்துக் கேட்டால்தான் தெரியும். 1,667 ஹெர்ட்ஸில் பிசகு 60 பாகையை எட்டுகிறது. அங்கே கருவி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கும் மேலே போனால் விபரீதம். 5,000 ஹெர்ட்ஸில் தாமதம் சரியாக அரைச் சுழற்சி. நெகிழ்வைக் கொண்டுவர வேண்டிய எதிரலை நெருக்கத்தைக் கொண்டுவருகிறது. சப்தம் அடங்குவதற்குப் பதில் இரண்டு மடங்காகிறது. தாமதம் ஒன்றுதான், அலை நெடியதாயின் அது அற்பம், குறியதாயின் அனர்த்தம். ஆகவே எந்தத் தயாரிப்பாளரும் மேல் அதிர்வெண்களில் எதிரலையை அனுப்பாமல், ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ் சுற்று வட்டாரத்திலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறார். அதற்கு மேற்பட்டதைக் கிண்ணமும் மெத்தையுமே தடுக்கின்றன. கம்பளி தோற்ற இடத்தில் மின்சாரம் வெல்லுகிறது, மின்சாரம் தோற்குமிடத்தில் கம்பளி வெல்லுகிறது என்ற இந்த ஏற்பாடு எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. அலைநீளத்தின் இயல்பிலேயே அமைந்தது.

முதல் தலைமுறைக் கருவிகள் எண்முறைக் கணிப்பை விட்டுவிட்டுச் சாதாரண மின்சுற்றுகளையே நம்பியதற்கும் காரணம் இதுதான். இசையைப் பதிவு செய்வதற்கான எண் மாற்றி ஒன்று அரை மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரலைக்கு அரை மில்லி விநாடி நேர்ந்தால், மேலே சொன்ன 60 பாகைப் பிசகு 333 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். பாதி வேலை பாழ். மிக விரைந்த மாற்றிகள் வந்த பிறகே எண்முறை இந்தத் துறையில் நிலைபெற்றது.

இதுகாறும் தாழ்ந்த ஓசையைப் பற்றிப் பேசினோம். சீரான ஓசை என்பது அதிலிருந்து வேறான ஒரு குணம். பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவதால் சற்று நின்று விளக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக் கழகத்தில் பாரி சாப்ளின் என்ற பேராசிரியர், 1970களில் யந்திரப் புகைக்குழாயின் இரைச்சலை ஆராய்ந்தார். யந்திரம் சுழலும் வரை அந்த இரைச்சல் ஒவ்வொரு சுழற்சியிலும் தன்னைத்தானே திரும்பச் சொல்லுகிறது. ஆகவே அவர் சப்தத்தை முந்த முயலவேயில்லை. சுழலும் தண்டிலிருந்து சுழற்சிக்கு இத்தனை என்று மின் துடிப்புகளை வாங்கி, ஒரு சுழற்சியின் எதிரலையைத் துண்டு துண்டாக நினைவுச் சுற்றில் சேமித்து, துடிப்புக்கேற்ப அதை ஒலிபெருக்கியில் வாசித்தார். எஞ்சும் சப்தத்தை ஒரு மைக்ரோபோன் கேட்டுச் சொல்ல, அடுத்தடுத்த சுழற்சிகளில் ஒவ்வொரு துண்டும் சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டது. பக்கத்தில் நிற்பவரின் பேச்சு அந்தத் துடிப்போடு சேராததால், அதைக் கருவி தொடவேயில்லை. ஆதி தாளம் சுழன்று வரும்போது, பாட்டை முன்பின் கேட்டறியாத மிருதங்க வித்துவானும் அடுத்த சமத்தில் பாடகரோடு ஒரே கணத்தில் விழுகிறார். பாடகருக்குத் திடீரென்று தும்மல் வந்தால் அதற்குமா அவர் கூடவே வாசிக்க முடியும்? ஒரு சுழற்சி முழுவதும் தாமதமானாலும், திரும்பி வரும் ஓசைக்கு அது தாமதமே ஆகாது. பழைய சுழற்சிக்கென்று செய்த எதிரலை புதிய சுழற்சிக்கும் பொருந்துகிறது.

நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும் மூன்று இதழ் விசிறியுள்ள விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 40 சுற்று. சுற்றுக்கு மூன்று தட்டு. ஆகவே 120 ஹெர்ட்ஸ் முழக்கம், அதனோடு அதன் மடங்குகள். இது தாழ்ந்ததும் சீரானதும் ஆகிய ஓசை. எதிரலைக்கு இதைவிட வசதியான எதிரி கிடையாது. ஜெட் விமானத்தினுள் கேட்கும் இரைச்சலோ அத்தகையதன்று. விமானத்தின் உடலை உராய்ந்து ஓடும் காற்றும் ஜெட்டின் பீறலும் எழுப்பும் அந்த ‘ஹோ’வென்ற ஓசை எங்கும் தன்னைத் திரும்பச் சொல்லுவதில்லை. ஆயினும் அதன் வலிமையில் பெரும் பங்கு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடப்பதால், மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதனால் அதிகம் மாறிவிட முடிவதில்லை. அங்கே ஹெட்போனைக் காப்பாற்றுவது ஓசையின் மெத்தனம். விசிறி விமானத்தில் அதனோடு ஒழுங்கும் துணை சேருகிறது.

கதவை அறைவதிலும் கைதட்டுவதிலும் மெத்தனமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. திடீர்ச் சப்தத்தின் முகப்பு ஒரு மில்லி விநாடிக்குள் செங்குத்தாக எழும்பிவிடுகிறது. அவ்வளவு செங்குத்தான ஒன்றைக் கூட்டிச் செய்ய வேண்டுமானால், தாழ்ந்தது முதல் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்களும் வேண்டும் என்பது பூரியே என்ற பிரெஞ்சுக் கணித மேதை வகுத்த கணிதத்தின் முடிவு. அவற்றில் தாழ்ந்த பங்கைக் கருவி ஓரளவு கழித்துவிடுகிறது. கூர்மையான பங்கோ கழிபடாமல் நிற்கிறது. கனமான கதவு மூடும்போது ‘தொம்’மென்ற அடியோசை போய், உலோக நாக்கு விழும் ‘டக்’கென்ற முனை மட்டும் கேட்பதை ஹெட்போன் அணிந்தவர் எவரும் சோதித்துப் பார்க்கலாம். குழந்தையின் அழுகையும் பேச்சின் மெய்யெழுத்துகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வெண்களிலேயே தெளிவு பெறுவதால், அவையும் இதே வழியில் தப்பி வருகின்றன. உண்மையில், முழக்கம் விலகியபின் அவற்றை மறைக்க ஒன்றும் இல்லாததால், பின் வரிசையில் நடக்கும் சம்பாஷணை முன்னைவிடத் துலக்கமாகவே கேட்கிறது. கருவி பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

பெரும்பாலான கருவிகளில் வெளி மைக்ரோபோனோடு, கிண்ணத்தினுள் ஒலிபெருக்கிக்கு ஒரு சென்டிமீட்டர் அருகே இன்னொன்றும் உண்டு. ஓல்சன் வழி வந்த உள் காவலன் அது. எஞ்சியதைக் கேட்டுத் திருத்துவது அதன் பணி. அதற்கும் ஓர் எல்லை விதிக்கப்பட்டிருக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து மைக்ரோபோனுக்குச் சப்தம் செல்லும் காலமும் திரை அசையும் காலமும் சேர்ந்து, ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அரைச் சுழற்சியாகிவிடும். அந்த இடத்தில் திருத்தம் ஊக்குவிப்பாக மாறும். அங்கேயும் பெருக்கத்தைக் குறைக்காமல் விட்டால், கருவி தானே தன்னைக் கேட்டுக் கேட்டு வீரிட்டு அலறத் தொடங்கும். கூட்ட மேடையில் மைக் ஊளையிடுவதும் இவ்விதமே. பெல் ஆராய்ச்சிச் சாலையின் ஹெண்ட்ரிக் போடே 1945இல் வெளியிட்ட நூலில், இத்தகைய சுற்றுகளில் ஓரிடத்தில் பெறும் குறைவுக்கு இன்னோரிடத்தில் விலை கொடுத்தே தீரவேண்டும் என்பதற்கான கணிதத்தைக் காணலாம். நிசப்தமான அறையில் ஹெட்போனை அணிந்து பொத்தானை அழுத்தினால் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் புதிதாகக் கேட்குமே, அதில் மைக்ரோபோனின் சொந்த இரைச்சலோடு இந்த விலையும் கலந்திருக்கிறது.

கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று தோன்றும்போது முதலில் பார்க்கவேண்டியது மெத்தை காதைச் சுற்றிப் பூரணமாகப் படிந்திருக்கிறதா என்பதைத்தான். மூக்குக் கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி ஓர் இழையளவு இடைவெளி விட்டால் போதும், தாழ்ந்த ஓசை முழுவதும் அதன் வழியே நுழைகிறது. எதிரலை உண்டாக்கும் அழுத்தமும் அதே வழியே வெளியேறிவிடுகிறது. கிண்ணத்தை விரலால் மெல்ல அழுத்தியவுடன் முழக்கம் சட்டென்று இறங்குமானால் குற்றம் இடைவெளியில் இருக்கிறது, மின்சுற்றில் இல்லை. நடந்து செல்லும்போது எழும் படபடப்போ காற்றினால் வருவது. கடுகளவுத் துவாரத்தில் மோதும் காற்றுச் சுழல் மைக்ரோபோனுக்குப் பேரொலியாகத் தோன்ற, அக்கருவி காதுக்கு வராத ஒன்றுக்கு எதிரலை அனுப்புகிறது. அந்த எதிரலையே நமக்குக் கேட்கிறது. பஸ் பள்ளத்தில் விழும்போது கிண்ணம் காதின் மேல் குலுங்கி, உள்ளே இருக்கும் காற்றில் பெரும் அழுத்தம் ஏற்படும். அதைச் சமன் செய்ய ஒலிபெருக்கியின் திரை தன் எல்லைவரை ஓடி முட்டி, ‘பட்’டென்ற ஓசை எழுவதும் உண்டு.

இந்த முட்டல் நம்மைக் கடைசி எல்லைக்குக் கொண்டுவருகிறது. எதிரலை மூல அலைக்கு வீச்சிலும் சமமாக இருக்கவேண்டும் அல்லவா? விமானத்தினுள் நிலவும் 80 டெசிபல் முழக்கத்தின் அழுத்தம் ஒரு பாஸ்கலில் ஐந்தில் ஒரு பங்கே. அதற்குச் சமமாகச் சிறு திரை எளிதில் அசைந்துவிடும். துப்பாக்கி வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே அழுத்தத்தின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டுகிறது. 140 டெசிபல் என்பது 200 பாஸ்கல், அதாவது முன்னதைப் போல் ஆயிரம் மடங்கு. வெடி எப்போது எழும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால்கூட, அந்த அழுத்தத்துக்கு ஈடு கொடுக்கும் ஒலிபெருக்கியை ஹெட்போனுக்குள் அடக்க முடியாது. ஆகையால் சுடும் களத்திலும் சம்மட்டி விழும் பட்டறையிலும் செவியைக் காப்பவை, மின்சாரம் ஏதும் அறியாத தடித்த காதுக்கவசமும், செவித்துளையில் திருகிச் செருகும் நுரை அடைப்பானுமே. அவை எவ்வளவு தடுக்கும் என்பதை அளக்கும் முறை எப்படி உருவாயிற்று, அதற்குத் தொழிற்சாலைகளின் செவிட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த விலை என்ன என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)